கிராஸ்பிளே உண்டு, ஸ்பிளிட் ஸ்கிரீனும் உண்டு. ஆனால் நாலு பேரும் சேர்ந்து ஆட முடியுமா?

கேள்வி: என்னிடமும் தம்பியிடமும் (12 வயது) சேர்த்து ஒரே ஒரு பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. ஒரு நண்பன் கம்ப்யூட்டரில் ஆடுகிறான், இன்னொருத்தனிடம் ஸ்விட்ச். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஆடுகிற மாதிரி ஒரு கேம் வாங்கணும். மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, பால்டர்ஸ் கேட் 3 மூன்றும் மனசில் இருக்கு. எல்லாவற்றிலும் சேர்ந்து ஆடலாம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

பதில்:

மூன்றில் உங்கள் நால்வருக்கும் பொருந்துவது மைன்கிராஃப்ட் மட்டும்தான். அதுவும் உங்கள் கம்ப்யூட்டர் நண்பனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்ட பிறகுதான் உறுதி. அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன். ஸ்டார்டியூ வேலியில் நீங்களும் தம்பியும் ஒரே டிவியில் ஆடலாம், ஆனால் மற்ற இரண்டு பேரும் உங்கள் பண்ணைக்குள் வர முடியாது. பால்டர்ஸ் கேட் 3 ஸ்விட்சுக்கு வரவே இல்லை, ஆகவே அங்கே ஒருத்தன் முதலிலேயே வெளியே.

மூன்றிலும் "சேர்ந்து ஆடலாம்" என்று போட்டிருப்பது பொய் இல்லை. யார் யாரோடு, எந்தக் கருவியிலிருந்து எந்தக் கருவிக்கு என்பதைத்தான் அந்த வரி சொல்வதில்லை. நானும் ஒரு முறை இதில் மாட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு கேமின் அட்டையில் 4 பேர் ஆடலாம் என்று இருந்ததைப் பார்த்து, நாங்கள் மூன்று வீட்டில் மூன்று பிரதி வாங்கினோம். அந்த 4 பேரும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது பிரதி டவுன்லோட் ஆகி முடிந்த பிறகுதான் தெரிந்தது. அட்டையில் சரியாகத்தான் எழுதியிருந்தது. நாங்கள்தான் எங்களுக்கு வேண்டியதை அதில் வாசித்துக்கொண்டோம்.

அதனால் கேமின் பெயரைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் நிலைமையை வரைந்துகொள்ளுங்கள். மூன்று கருவிகள் இருக்கின்றன: பிளேஸ்டேஷன் 5, கம்ப்யூட்டர், ஸ்விட்ச். இவற்றுக்கு இடையே மூன்று கோடு போடுங்கள். பிளேஸ்டேஷனிலிருந்து கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷனிலிருந்து ஸ்விட்ச், கம்ப்யூட்டரிலிருந்து ஸ்விட்ச். மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒரு கேமில் பிளேஸ்டேஷனும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும், ஸ்விட்ச் மட்டும் தனியாக நிற்கும். இது சாதாரணமாக நடப்பதுதான். வேறு வேறு கருவியில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடுவதற்குப் பெயர்தான் கிராஸ்பிளே. "கிராஸ்பிளே உண்டு" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்று கோடுகளில் இரண்டு மட்டும் இருக்கலாம், ஒன்று மட்டும்கூட இருக்கலாம்.

அப்புறம் பிளேஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு அதற்குள் நீங்கள், தம்பி என்று இரண்டு புள்ளி வையுங்கள். அதுதான் ஸ்பிளிட் ஸ்கிரீன், ஒரே டிவித் திரையைப் பிரித்து ஆடுவது. இங்கேயும் கேள்வி கருவிக்குக் கருவி மாறும். ஒரு கேமில் ஸ்பிளிட் ஸ்கிரீன் இருக்கிறது என்றால் அது எல்லாக் கருவியிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

கடைசியாக, அந்த வட்டத்திலிருந்து வெளியே போகும் கோடு. ஒரே டிவியில் திரையைப் பிரித்து ஆடும் இரண்டு பேரும் அப்படியே சேர்ந்து ஆன்லைனில் மற்றவர்களோடு இணைய முடியுமா? பெரும்பாலானோர் கேட்க மறப்பது இதைத்தான். ஸ்பிளிட் ஸ்கிரீனும் இருக்கும், கிராஸ்பிளேயும் இருக்கும், ஆனால் திரையைப் பிரித்தால் ஆன்லைன் மூடிக்கொள்ளும் கேம்கள் உண்டு. இரண்டு பதிலும் தனித்தனியாக "ஆம்" என்று வந்தாலும் உங்கள் நால்வருக்கு அது "இல்லை"தான்.

ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது தானாகப் புரியும். ஒவ்வொரு கன்சோல் நிறுவனத்துக்கும் தனி நெட்வொர்க், தனி நண்பர் பட்டியல், தனி அழைப்பு முறை. பிளேஸ்டேஷனின் நண்பர் பட்டியலில் ஸ்விட்ச் வைத்திருப்பவனைச் சேர்க்க முடியாது. ஆகவே கேம் தயாரித்தவர்கள் இவற்றுக்கெல்லாம் மேலே தங்களுடைய சொந்தக் கணக்கு முறை ஒன்றைக் கட்ட வேண்டும். மைன்கிராஃப்டில் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு, ஃபோர்ட்நைட்டில் எபிக் கணக்கு, பால்டர்ஸ் கேட் 3ல் லாரியன் கணக்கு. இதைக் கட்டுவதற்குப் பணமும் ஆளும் வேண்டும், கட்டிய பிறகும் பராமரிக்க வேண்டும். சிறிய குழுக்கள் செய்த கேம்களில் கிராஸ்பிளே இல்லாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நீங்கள் பார்க்கும் கேமுக்குச் சொந்தக் கணக்கு முறை எதுவும் இல்லையென்றால், கிராஸ்பிளே இருக்குமா என்று கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

ஸ்பிளிட் ஸ்கிரீனின் கதை வேறு. அங்கே பிரச்சினை நெட்வொர்க் இல்லை, இயந்திரத்தின் சக்தி. திரையை இரண்டாகப் பிரித்தால் ஒரே உலகத்தை இரண்டு கோணத்திலிருந்து ஒரே நேரத்தில் வரைய வேண்டும். நீங்கள் ஊரின் இந்த மூலையிலும் தம்பி அந்த மூலையிலும் இருந்தால் இரண்டு மூலையும் நினைவகத்தில் இருக்க வேண்டும். இதனால்தான் சக்தி குறைந்த கருவியில் முதலில் கழற்றிவிடப்படுவது ஸ்பிளிட் ஸ்கிரீன். பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு 2023 டிசம்பரில் வந்தபோது சீரிஸ் எக்ஸில் ஸ்பிளிட் ஸ்கிரீன் இருந்தது, அதைவிடச் சக்தி குறைந்த சீரிஸ் எஸ்ஸில் இல்லை. ஒரே கேம், ஒரே நிறுவனத்தின் கன்சோல் வரிசை, ஆனாலும் பதில் இரண்டு.

சரி, இதையெல்லாம் எங்கே பார்ப்பது? ஸ்டோர் பக்கத்தில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு ஸ்டோரும் ஒவ்வொரு விஷயத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் "1 - 2 players" என்பது போல ஒரு வரி இருக்கும். அது ஒரே கன்சோலில் எத்தனை பேர் என்பது. அதற்குத் தனியாக ஆன்லைனில் எத்தனை பேர், பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டுமா என்பது இருக்கும். உங்களுக்கு முதல் வரியில் குறைந்தது 2 வேண்டும். "1 player" என்று மட்டும் இருந்தால் ஆன்லைனில் நூறு பேர் ஆடினாலும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கிராஸ்பிளே பற்றி இந்த வரிகளிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

நின்டெண்டோவின் பக்கம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது என்பேன். "Single System", "Local wireless", "Online" என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை போடுவார்கள். இதில் ஏமாற்றுவது நடுவில் இருப்பது. "Local wireless" என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம் என்பது உண்மை, ஆனால் பொதுவாக ஆளுக்கொரு ஸ்விட்சும் ஆளுக்கொரு பிரதியும் வேண்டும். ஒரே திரையில் ஆடுவது "Single System" மட்டும்தான்.

கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீமில் வலது பக்கப் பட்டியலில் "Shared/Split Screen", "Online Co-op", "Cross-Platform Multiplayer" என்று வரிசையாக இருக்கும். இந்தக் கடைசிச் சொல்லைக் கண்டு துள்ளிக் குதித்துவிடாதீர்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் இந்த மூன்றுக்கும் இடையே ஆடலாம் என்ற அளவில்கூட அதைப் போட்டிருப்பார்கள். கன்சோலோடு சேருமா என்பதற்கு அது சாட்சி இல்லை. அதேபோல "Shared/Split Screen" என்பதில் இரண்டு வகை கலந்திருக்கிறது: திரையைப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுப்பது ஒன்று, பிரிக்காமல் ஒரே திரையில் எல்லோரும் ஓடுவது இன்னொன்று. சமையல் கேம், சண்டை கேம் போன்றவற்றில் இரண்டாவது வகைதான் சரியாக இருக்கும். ஆனால் ஆளுக்கொரு திசையில் போய்ச் சுற்ற வேண்டும் என்று நினைக்கும் அண்ணன் தம்பிக்கு, ஒருவர் நகர்ந்தால் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு போகும் திரை சண்டையில்தான் முடியும்.

எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர் உங்களுக்கு வேண்டாம், ஆனாலும் ஒரு தந்திரத்துக்கு உதவும். அங்கே "Cross-platform multiplayer", "Shared/split screen" என்று இரண்டும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். உங்களிடம் எக்ஸ்பாக்ஸ் இல்லாவிட்டாலும் ஒரு முதல் குறிப்புக்காக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். தீர்ப்பு அங்கே இல்லை, குறிப்பு மட்டும்தான்.

தீர்ப்பு இருக்கும் இடம் கேம் தயாரிப்பாளரின் சொந்த உதவிப் பக்கம். கேமின் பெயரோடு crossplay என்று போட்டும், பிறகு split screen என்று போட்டும் தனித்தனியாகத் தேடுங்கள். பதில் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் இந்த விஷயத்தில் பழைய பதில் இரண்டு பக்கமும் தவறாகப் போகும். பால்டர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டருக்கு வந்தது 2023 ஆகஸ்டில். அப்போது கிராஸ்பிளே கிடையாது. 2025 ஏப்ரலில் 8ஆம் பேட்ச் வந்த பிறகுதான் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மூன்றும் சேர்ந்தன. சீரிஸ் எஸ்ஸுக்கு ஸ்பிளிட் ஸ்கிரீனும் அதே பேட்ச்சில்தான் வந்தது. 2024இல் யாரோ எழுதிய "இல்லை" இன்றைக்குத் தவறு.

எதிர்ப் பக்கமும் நடந்திருக்கிறது. ஹேலோ இன்ஃபினிட் 2021 டிசம்பரில் வெளியானபோது கதைப் பகுதிக்கு ஸ்பிளிட் ஸ்கிரீன் பின்னால் வரும் என்று சொல்லியிருந்தார்கள். 2022 செப்டம்பரில் அதைக் கைவிட்டுவிட்டதாக அறிவித்தார்கள். அதை நம்பி முன்பே வாங்கியவர்கள் கையில் இருந்தது வெறும் வாக்குறுதி. "விரைவில் வரும்" என்று இருந்தால் அதை "இல்லை" என்றே படியுங்கள். வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம், கேம் எங்கேயும் ஓடிவிடாது.

இப்போது மைன்கிராஃப்டுக்கு வருவோம், உங்கள் தாளில் இருக்கும் கோடுகள் ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பார்க்கலாம்.

மைன்கிராஃப்ட் என்று ஒரே பெயரில் இரண்டு கேம்கள் இருக்கின்றன. ஒன்று ஜாவா எடிஷன், இன்னொன்று பெட்ராக் எடிஷன். கன்சோல்களிலும் மொபைலிலும் இருப்பது பெட்ராக். கம்ப்யூட்டரில் இரண்டும் உண்டு. பெட்ராக்கும் பெட்ராக்கும் எந்தக் கருவியில் இருந்தாலும் சேர்ந்து ஆடும். ஜாவாவும் பெட்ராக்கும் சாதாரணமாகச் சேராது. ஆகவே உங்கள் நண்பனிடம் "உன்னிடம் மைன்கிராஃப்ட் இருக்கா?" என்று கேட்டால் போதாது. "எந்த எடிஷன் திறந்து ஆடுகிறாய்?" என்று கேட்க வேண்டும். முகப்புத் திரையில் பெயருக்குக் கீழே "Java Edition" என்று எழுதியிருந்தால் அது ஜாவா. 2022 ஜூனிலிருந்து விண்டோஸுக்கு இரண்டையும் சேர்த்து ஒரே பொதியாகத்தான் விற்கிறார்கள், எனவே அவன் அதற்குப் பிறகு வாங்கியிருந்தால் பெட்ராக்கும் அவனிடம் இருக்கும், லாஞ்சரில் இடது பக்கம் மாற்றிக்கொண்டால் போதும்.

நான் முதலில் சொன்ன கேள்வி இதற்கும் ஒரு படி முந்தையது: அது விண்டோஸ் கம்ப்யூட்டர்தானா? "கம்ப்யூட்டரில் ஆடுகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேக் என்றால் கதை முடிந்தது, பெட்ராக் மேக்குக்குக் கிடையாது. ஜாவா அருமையாக ஓடும், ஆனால் உங்களோடு சேராது. அப்படியானால் அவன் போனிலோ டேப்லெட்டிலோ பெட்ராக் வாங்கி வருவதுதான் எளிய வழி.

விண்டோஸ்தான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கோடுகளும் தேறின. பிளேஸ்டேஷன் மட்டும் நீண்ட நாள் வெளியே நின்றது. 2019 டிசம்பரில் அதுவும் உள்ளே வந்த பிறகு எல்லாப் பெட்ராக்கும் ஒன்றுதான். அடுத்து வட்டம்: பிளேஸ்டேஷனில் ஸ்பிளிட் ஸ்கிரீன் உண்டு, 4 பேர் வரை. ஸ்விட்சிலும் உண்டு. விண்டோஸ் பெட்ராக்கில் கிடையாது. அது உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் எல்லோரும் கம்ப்யூட்டர் நண்பன் வீட்டில் கூடினால் அங்கே ஒரே திரையில் ஆட முடியாது என்பது நினைவில் இருக்கட்டும்.

வட்டத்திலிருந்து வெளியே போகும் கோட்டில்தான் கணக்குகளின் வேலை. உங்களுக்கு ஒரு பிளேஸ்டேஷன் கணக்கு, தம்பிக்கு ஒன்று. அதோடு ஆளுக்கொரு மைக்ரோசாஃப்ட் கணக்கு. பிளேஸ்டேஷனில் ஆடுவதற்கு மைக்ரோசாஃப்ட் எதற்கு என்று தோன்றும். முன்பு சொன்ன அந்த மேல்மட்டக் கணக்கு அதுதான். அது இல்லாமல் நண்பர்களின் பெயரே உங்கள் திரையில் வராது. ஆன்லைனுக்குப் பிளேஸ்டேஷனில் பிஎஸ் பிளஸ் சந்தா, ஸ்விட்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா. கம்ப்யூட்டர்காரனுக்கு எதுவும் வேண்டாம், எப்போதும் அவன்தான் சிரிப்பான். பிஎஸ் பிளஸ் இரண்டு வாங்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். சந்தா உள்ள கணக்கில் "Console Sharing and Offline Play" என்ற அமைப்பை உங்கள் கன்சோலில் இயக்கி வைத்தால், அதே கன்சோலில் தம்பியின் கணக்கும் ஆன்லைனில் ஆட முடியும்.

அடுத்த முட்டுக்கட்டை தம்பியின் வயது. 12 வயது என்று உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கினால் அது குழந்தைக் கணக்காக வரும். பெற்றோர் அனுமதிக்கும் வரை பல விஷயங்கள் மூடியே இருக்கும். பெற்றோரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து தம்பியின் எக்ஸ்பாக்ஸ் தனியுரிமை அமைப்புக்குள் போய் இரண்டு விஷயங்களை அனுமதிக்க வேண்டும்: ஒன்று மல்டிபிளேயர் ஆட்டம், இன்னொன்று "You can join cross-network play" என்பது. கையில் எக்ஸ்பாக்ஸே இல்லாதபோது எக்ஸ்பாக்ஸ் அமைப்பை யார் போய்த் தேடுவார்கள்? அதனால்தான் பல வீடுகளில் அண்ணன் உள்ளே போவான், தம்பிக்கு மட்டும் அனுமதி இல்லை என்று வரும், கேம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பிளேஸ்டேஷன் பக்கமும் குழந்தைக் கணக்குக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, "Communication and User-Generated Content" என்ற பெயரில். இரண்டு பக்கமும் திறந்தால்தான் கதவு திறக்கும்.

அப்புறம் கன்ட்ரோலர். இரண்டாவது கன்ட்ரோலர் இல்லாமல் ஸ்பிளிட் ஸ்கிரீன் இல்லை என்பது தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், பழைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை எடுத்துத் தம்பியிடம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற திட்டம் பாதிதான் வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 5இல் ஓடும் பிஎஸ்4 கேம்களுக்கு அது போதும். பிஎஸ்5 பதிப்புக்கு ஏற்காது, அதற்குப் பிஎஸ்5இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ்தான் வேண்டும். மைன்கிராஃப்டுக்கு 2024 அக்டோபரில் தனி பிஎஸ்5 பதிப்பு வந்துவிட்டது. நீங்கள் இறக்கியிருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் திடீரென்று சேர முடியாமல் போகும். திரையில் "Outdated client" போல ஏதாவது வரும். பயப்பட ஒன்றுமில்லை. அப்டேட் ஒவ்வொரு கன்சோல் நிறுவனத்தின் சோதனையையும் தாண்டித்தான் வெளிவரும், எனவே சில சமயம் ஒரு கருவிக்கு முன்னும் இன்னொன்றுக்குப் பின்னும் வரும். பதிப்பு எண் ஒத்துப்போகாவிட்டால் சேராது. நால்வரும் அப்டேட் செய்தாயிற்றா என்று பாருங்கள், ஒருவருக்கு இன்னும் வரவில்லையென்றால் காத்திருப்பது தவிர வழியில்லை.

இன்னொன்று, யாருடைய உலகத்தில் ஆடுகிறீர்கள் என்பது. நீங்கள் உருவாக்கிய உலகம் உங்கள் பிளேஸ்டேஷனில் இருக்கிறது. நீங்கள் கேமை மூடினால் மற்றவர்களும் வெளியேதான். நீங்கள் படிக்கும் நேரத்திலும் அவர்கள் கட்ட வேண்டுமென்றால் ரெல்ம்ஸ் என்ற தனிச் சந்தா உண்டு. தொடக்கத்திலேயே அதற்குப் போக வேண்டாம், ஒரு மாதம் ஆடிப் பாருங்கள்.

மற்ற இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடலாம். ஸ்டார்டியூ வேலிக்கு 1.5 அப்டேட்டில் ஸ்பிளிட் ஸ்கிரீன் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2020 டிசம்பரில், கன்சோல்களுக்கு அடுத்த ஆண்டு தொடக்கத்தில். வட்டம் தேறியது. ஆனால் கம்ப்யூட்டரும் கன்சோலும், ஒரு கன்சோலும் இன்னொரு கன்சோலும் சேராது. மூன்று கோட்டில் ஒன்றுகூட இல்லை. இது மனசுக்குக் கஷ்டமான ஒன்று, ஏனென்றால் நால்வருக்கும் இதைவிட நல்ல கேம் கிடைப்பது அபூர்வம். நீங்களும் தம்பியும் மட்டும் ஆட வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பால்டர்ஸ் கேட் 3 பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஸ்விட்ச் நண்பனை விட்டுவிட்டு ஆடுவதாக இருந்தாலும், 12 வயதுத் தம்பிக்கு அது பொருத்தமான கேம் இல்லை. பெரியவர்களுக்கான கேம் அது.

பணம் கொடுப்பதற்கு முன் நான் செய்யச் சொல்வது ஒரு ஒத்திகை. ஃபோர்ட்நைட் இலவசம், கிட்டத்தட்ட உங்கள் நிலைமைக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். அதில் ஸ்பிளிட் ஸ்கிரீன் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் மட்டும்தான், இரண்டு பேருக்கு. கம்ப்யூட்டரிலும் ஸ்விட்சிலும் இல்லை. நீங்களும் தம்பியும் திரையைப் பிரித்துக்கொண்டு, மற்ற இருவரும் அவரவர் கருவியில், நாலு பேர் கொண்ட ஒரே அணியாக இறங்கலாம். ஆளுக்கொரு எபிக் கணக்கு வேண்டும். சந்தா எதுவும் வேண்டாம். சுடுகிற கேம் வீட்டில் வேண்டாம் என்றால் ராக்கெட் லீக் இருக்கிறது, கார் ஓட்டிப் பந்து அடிக்கும் கேம், அதுவும் இலவசம். ஸ்பிளிட் ஸ்கிரீன், கிராஸ்பிளே இரண்டும் உண்டு, தனி மேட்ச் அமைத்து இரண்டுக்கு இரண்டு ஆடலாம்.

இந்த ஒத்திகையில் நீங்கள் கேமைச் சோதிக்கவில்லை, உங்களைச் சோதிக்கிறீர்கள். இரண்டாவது கன்ட்ரோலர் வேலை செய்கிறதா, டிவியில் பாதித் திரை தம்பிக்குப் படிக்கிற அளவில் தெரிகிறதா, குழந்தைக் கணக்கு எங்கே முட்டுகிறது, ஸ்விட்ச்காரனின் வைஃபை தாங்குகிறதா, பேசுவதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. பிளேஸ்டேஷனின் பார்ட்டி அரட்டையில் ஸ்விட்ச்காரன் வர முடியாது. கேமுக்குள்ளேயே பேசும் வசதி இல்லாவிட்டால், போனில் ஒரு குழு அழைப்பு போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொள்வதுதான் எளிது.

வாங்கும்போது மூன்று கருவிக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். பணம் திரும்பக் கிடைக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். பிளேஸ்டேஷனிலும் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் பொதுவாகப் போயிற்று. நின்டெண்டோவில் டிஜிட்டலாக வாங்கியது வாங்கியதுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனவே ஸ்விட்ச் நண்பன் கடைசியாக வாங்கட்டும், முந்திய இருவரும் சேர்ந்து ஆடிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. மைன்கிராஃப்ட் ஸ்டீமில் இல்லை என்பதால் அதற்கு இந்த வரிசை முழுதாகப் பொருந்தாது. ஆனால் அடுத்த கேம் வாங்கும்போது உதவும்.

அடுத்த கேம் என்றதும் ஞாபகம் வந்தது. இரண்டு பேராக மட்டும் ஆடும் நாட்களும் வரும். அப்போது ஃபிரெண்ட்ஸ் பாஸ் என்ற சொல் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். ஒருவர் வாங்கினால் இன்னொருவர் இலவசமாக இறக்கி அவரோடு ஆடலாம். ஆனால் அங்கேயும் அதே கோடு, வட்டம்தான். இட் டேக்ஸ் டூவில் பாஸ் உண்டு, கிராஸ்பிளே இல்லை, பிளேஸ்டேஷன்காரர் பிளேஸ்டேஷன்காரரோடுதான். அதே குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட ஸ்பிளிட் ஃபிக்‌ஷனில் பாஸும் உண்டு, கிராஸ்பிளேயும் உண்டு. நீங்கள் வாங்கினால் கம்ப்யூட்டர் நண்பன் காசில்லாமல் சேர்ந்துகொள்வான். உங்கள் இன்னொரு நண்பனிடம் இருப்பது பழைய ஸ்விட்ச் என்றால் அதற்கு அது கிடையாது, ஸ்விட்ச் 2க்குத்தான் வந்தது. அவனிடம் இருப்பது எது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் ஒரு வார்த்தை கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.